சம்பளமா, சேவையா: படிப்பு மையத்துக்கு ஆள் கேட்கும் வாட்ஸ்அப் செய்தியை எப்படி முடிவு செய்வது?

ஜூனில் பள்ளி திறந்ததும் வேலூர்ப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே மாதிரியான செய்தி சுற்ற ஆரம்பிக்கும். ‘ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி அளிக்க ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் / பகுதிநேர ஆசிரியர்கள் தேவை. தகுந்த மதிப்பூதியம் வழங்கப்படும். விருப்பமுள்ளவர்கள் தொடர்பு கொள்ளவும்.’ கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், ‘வாழ்த்துகள்’, ‘நல்ல முயற்சி சார்’. ஆள் மட்டும் வருவதில்லை.

ஊரில் படித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஊரீசு, முத்துரங்கம், ஆக்ஸிலியம், டி.கே.எம். என்று கல்லூரிகளே வரிசையாக இருக்கின்றன. பி.எஸ்சி. கணக்கு முடித்து, பி.எட்.டும் முடித்து, டெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது உண்டு. ஆனால் மேலே உள்ள செய்தி இரண்டு வேறு வேறு ஆட்களை ஒரே வரியில் கூப்பிடுகிறது. சேவையாகச் செய்ய நினைப்பவர், ‘சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், நாம் எதற்கு?’ என்று நகர்ந்துவிடுவார். நாலு காசு கிடைத்தால் பஸ் ஏறி வரத் தயாராக இருப்பவர், ‘தகுந்த’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்புவார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். இருவருமே விசாரிக்க மாட்டார்கள்.

அதனால் செய்தியைத் தட்டச்சு செய்ய உட்காரும் முன்பே தன்னார்வலரா, சம்பளத்துக்குப் பகுதிநேர ஆசிரியரா, இரண்டும் என்றால் எந்த வேலைக்கு எது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். ஒரு மையத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி விருதம்பட்டுப் பக்கம் ஒரு மாலை நேரப் படிப்பு மையம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடியில் ஷீட் போட்ட ஒரு ஹால், ஒரு கரும்பலகை, இரண்டு ட்யூப் லைட். மொத்தம் 26 பிள்ளைகள். 14 பேர் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. 12 பேர் ஒன்பதும் பத்தும். அம்மாக்கள் பலர் ஷூ கம்பெனிக்குப் போய் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறவர்கள். மையம் மாலை 6 மணி முதல் 7.30 வரை. பொறுப்பாளர் அம்மா ஒருவர் தினமும் இருக்கிறார்; வீட்டுப்பாடம் செய்யவைப்பார், ஆனால் உயர் வகுப்புக் கணக்கு அவருக்கு வராது. நன்கொடையாக மாதம் 4,000 ரூபாய் உறுதியாக வருகிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் நிற்கிறது. சின்னவர்களில் பாதிப் பேர் தமிழ்ப் பாடத்தையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள்.

எல்லாருமே தன்னார்வலர்கள் என்றால்

காசு மிச்சம், மனசுக்கும் நிறைவு. முதலில் எல்லாரும் யோசிப்பது இதைத்தான். வாரத்துக்கு ஐந்து மாலை, இரண்டு பிரிவு. ஆக 10 இடங்களை நிரப்ப வேண்டும். வேலைக்குப் போகிறவரோ கல்லூரி மாணவியோ உண்மையில் தரக்கூடியது வாரத்துக்கு ஒரு மாலை. பத்துப் பேர் வேண்டும். கல்யாணம், காய்ச்சல், மழை என்று வராமல் போவதற்கும் சேர்த்தால் பட்டியலில் 13 பேராவது இருக்க வேண்டும். அந்த 13 பேரையும் வாராவாரம் ஃபோனில் பிடித்து, ‘நாளைக்கு வந்துடுவீங்கல்ல மேடம்?’ என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை.

இதைச் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், காலண்டரைச் சமாளிக்க முடியாது. தன்னார்வலராக வருபவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் அவர்களுக்கு செமஸ்டர் தேர்வு. அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் அவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதைத் தப்பு சொல்லவும் முடியாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சையொட்டிப் பொதுத் தேர்வு. பிள்ளைகளுக்கு ஆள் மிகவும் தேவைப்படும் வாரங்களும், மாணவத் தன்னார்வலர்கள் காணாமல் போகும் வாரங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கின்றன.

வி.ஐ.டி. மாணவர்களைக் கேட்கலாமே என்பார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள்தான், கேட்டால் ஆர்வமாகவும் வருவார்கள். ஆனால் அங்கே படிப்பவர்களில் நிறையப் பேர் வெளி மாநிலத்தவர். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குக் ‘காரணிப்படுத்து’ என்று சொல்லித்தர வேண்டியவருக்கு அந்தச் சொல் தெரியாது, பிள்ளைக்கு ஆங்கிலம் ஓடாது. ஆங்கிலப் பேச்சுப் பழக்கத்துக்கு அவர்கள் அருமையான ஆட்கள், பத்தாம் வகுப்புக் கணக்குக்கு அல்ல. சி.எம்.சி. பக்கம் நர்சிங் படிக்கும் பெண்களுக்கு டியூட்டி நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தக் கிழமை என்று உறுதி சொல்ல அவர்களாலேயே முடியாது.

இன்னொன்று, கணக்கு தொடர்ச்சியாகப் போக வேண்டிய பாடம். திங்கட்கிழமை ஒருவர் ஒரு முறையில் சொல்லிக்கொடுத்து, புதன்கிழமை வந்தவர் அதே கணக்கை வேறு முறையில் போட்டால், தடுமாறும் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும். வாசிப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பவர் வாரம் ஒருவராக மாறினாலும் பெரிய சேதம் இல்லை.

எல்லாருக்குமே சம்பளம் என்றால்

பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்து, எட்டு மணிக்குத் திரும்பிப் போகிறவருக்கு ஒரு வகுப்புக்கு 250 ரூபாயாவது தர வேண்டும் என்பது என் எண்ணம். வாரத்துக்கு 10 வகுப்பு என்றால் 2,500. நாலு வாரத்துக்கு 10,000. கையில் இருப்பதோ 4,000. அதைப் பத்து இடத்துக்கும் பங்கு போட்டால் வகுப்புக்கு 100 ரூபாய். அந்த 100 ரூபாய்க்கும் ஆள் வருவார். ஆனால் தன் வீட்டுத் திண்ணையிலேயே நாலு பிள்ளைகள் டியூஷனுக்குச் சேர்ந்ததும் போய்விடுவார். அது பெரும்பாலும் காலாண்டுத் தேர்வு மார்க் வந்த கையோடு நடக்கும். பெற்றோர் டியூஷன் தேடி அலைவதும் அப்போதுதான்.

‘இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்குச் சொல்லித்தந்தார்களே’ என்று கமிட்டிக் கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது ஊரே அறிந்த விஷயம். ஆனால் அது அவரவர் குடியிருப்பிலேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிற மாதிரி அமைத்த திட்டம். வகுப்பும் தொடக்க நிலை, உயர் தொடக்க நிலைக்கு உரியதாக இருந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆற்றைத் தாண்டி வந்து பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துபவருக்கு அந்தத் தொகையை அளவுகோலாக வைக்க முடியாது.

இதற்கு நடுவே ஒரு வழி சொல்வார்கள்: தன்னார்வலர்தான், ஆனால் பெட்ரோலுக்கு மாதம் 500 ரூபாய். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத வழி. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மாணவர்கள் வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்ட வேண்டும். ஒரு குழுவுக்குக் காசு எதுவும் இல்லை. ஒரு குழுவுக்குத் திரட்டியதில் 1 சதவீதம். இன்னொரு குழுவுக்கு 10 சதவீதம். 10 சதவீதம் பெற்றவர்கள் 1 சதவீதக் குழுவை விட அதிகம் திரட்டினார்கள். ஆனால் எல்லாரையும் விட அதிகம் திரட்டியது காசே வாங்காத குழு. அற்பக் காசு கையில் வந்ததும் சேவை என்ற நினைப்பு போய், ‘இவ்வளவுக்கு இவ்வளவுதான்’ என்ற கணக்கு வந்துவிடுகிறது. பெட்ரோல் காசு 500 ரூபாயும் அதைத்தான் செய்யும். பஸ் கட்டணத்தைப் பொறுத்தவரை, 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. அதனால் வருகிற பெண்களுக்குக் காசு கொடுப்பதை விட, இறங்க வேண்டிய ஸ்டாப் எது, திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ் இருக்கிறது என்று செய்தியிலேயே சொல்வதுதான் உதவி.

பிரித்துக்கொடுப்பது

ஆகவே நான் இந்த மையத்துக்குச் சொல்வது: கணக்குக்கு மட்டும் சம்பளத்துக்கு ஒருவர், திங்கள், புதன், வெள்ளி. மாதத்தில் 12 வகுப்புக்கு 3,000 ரூபாய். 14 வகுப்பு வரும் மாதத்தில் 3,500. எப்படிப் பார்த்தாலும் 4,000க்குள் அடங்கும். மீதி சுண்டலுக்கும் ஜெராக்ஸுக்கும். சின்னவர்களின் வாசிப்புக்கு சனிக்கிழமை மாலை, தன்னார்வலர்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்றால் ஐந்து பேர். இரண்டு பேர் வராமல் போனாலும் நடக்க வேண்டும் என்றால் ஏழு பேர். மற்ற நாட்களில் சின்னவர்களுக்கு வழக்கம் போல வீட்டுப்பாடம்.

ஆள் இரண்டு வகை என்பதால் செய்தியும் இரண்டு. ஒரே நாளில், ஒரே குரூப்பில் இரண்டையும் போடக் கூடாது, கலந்துவிடும். முதலில் கணக்கு ஆசிரியருக்கான செய்தி. அவர் முடிவான ஒரு வாரம் கழித்து மற்றது.

சம்பளச் செய்தியை நான் இப்படி எழுதுவேன்:

> 10ஆம் வகுப்புக் கணக்கு சொல்லித்தர ஒருவர் தேவை. ஒரு வகுப்புக்கு ரூ. 250.
> இடம்: காட்பாடி, விருதம்பட்டு, மாலை நேரப் படிப்பு மையம். பஸ் ஸ்டாப்பிலிருந்து 5 நிமிட நடை.
> திங்கள், புதன், வெள்ளி மாலை 6 – 7.30. தமிழ் வழி. 9, 10ஆம் வகுப்பு, 12 பிள்ளைகள். ஜூலை முதல் மார்ச் வரை.
> சம்பளம் மாதக் கடைசியில். மையப் பொறுப்பாளர் எப்போதும் உடன் இருப்பார்.
> பெயர், ஊர், படிப்பு மூன்றையும் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யவும்: (மையத்தின் எண்). கடைசி நாள் ஜூன் 28.

முதல் வரியிலேயே பாடமும் பணமும் வந்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் நீளமான செய்தி பாதியில் மடிந்துகொள்ளும். மீதியைப் படிக்க ஒரு தட்டு தட்ட வேண்டும். அலுவலக பஸ்ஸில் நின்றுகொண்டு பார்ப்பவர் அந்தத் தட்டைத் தட்டுவது முதல் வரியைப் பொறுத்தது. கல்வியின் பெருமையை முதல் மூன்று வரியில் எழுதினால், அவர் ‘கணக்கு’ என்ற சொல்லையே பார்க்காமல் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அது மட்டுமல்ல, தனக்கு வேண்டாதவரும் முதல் வரியைப் பார்த்ததும், ‘நம்ம சித்தி பொண்ணு மேத்ஸ்தானே’ என்று ஃபார்வர்டு செய்ய முடிய வேண்டும். இந்த மாதிரிச் செய்தி சேர வேண்டிய ஆளிடம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கையாகத்தான் போய்ச் சேர்கிறது.

இப்படிக் கை மாறிப் போவதை மனதில் வைத்தே ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டும். ஃபார்வர்டு ஆன செய்தியில் முதலில் எழுதியவரின் பெயரும் எண்ணும் இருக்காது. அனுப்பிய தேதியும் புதிதாகிவிடும். ‘நம்ம மையத்துக்கு’ என்று எழுதினால் ஆற்காட்டில் படிப்பவருக்கு எந்த மையம் என்று தெரியாது. ‘என்னைத் தொடர்பு கொள்ளவும்’ என்றால் யாரை? ‘இந்த ஞாயிறுக்குள்’ என்றால் எந்த ஞாயிறு? ஊர், எண், தேதி மூன்றும் செய்திக்குள்ளேயே எழுத்தாக இருக்க வேண்டும். அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் ஃபார்வர்டு ஆன பிரதிகளை அந்தத் திருத்தம் போய்ச் சேராது. எனவே முதலில் ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டுவிட்டு குரூப்பில் போடுங்கள்.

எண்ணைத் தட்டினாலே உரையாடல் திறக்க வேண்டும் என்றால் இப்படி ஒரு இணைப்பைச் சேர்க்கலாம். கடைசியில் மையத்தின் பத்து இலக்க எண் வரும், நடுவில் இடைவெளியோ கூட்டல் குறியோ கூடாது:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

இதில் ஒரு எச்சரிக்கை. மையத்தில் உதவி செய்யும் இளம்பெண்ணின் சொந்த எண்ணைப் போட வேண்டாம். செய்தி எத்தனை குரூப்புக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு ‘ஹாய்’ வர ஆரம்பித்தால் அதை நிறுத்த வழி இல்லை. பழைய ஃபோன் ஒன்றில் தனி சிம் போட்டு, மையத்துக்கென்று ஒரு எண் வைத்துக்கொள்வதே நல்லது.

தன்னார்வலர் செய்தியின் தொனி வேறு:

> ஆறு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணி நேரம் தர முடியுமா?
> விருதம்பட்டு மாலை நேரப் படிப்பு மையத்தில் 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், தடுமாறும் இடத்தில் எடுத்துக்கொடுக்க வேண்டும். பாடம் நடத்த வேண்டியதில்லை. தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்தால் போதும்.
> ஜூலை 20க்குப் பிறகு வரும் ஆறு சனிக்கிழமைகள், மாலை 5 – 6.30. இது சேவை, சம்பளம் இல்லை.
> முதலில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம். வாட்ஸ்அப்: (மையத்தின் எண்).

‘சம்பளம் இல்லை’ என்பதை ஒளிக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கணக்கு ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு என்பது தன்னார்வலருக்கு எப்படியும் தெரியவரும். அது மூன்றாவது வாரம் சுண்டல் தட்டைச் சுற்றி நடக்கும் பேச்சில் தெரிந்தால் மனக்கசப்பு வரும். முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் இயல்பாக எடுத்துக்கொள்வார்கள்.

‘ஆறு சனிக்கிழமை’ என்று எல்லை போட்டிருப்பதும் யோசித்துத்தான். முடிவே இல்லாத சேவைக்கு ‘சரி’ சொல்ல யாருக்கும் பயமாக இருக்கும். ஆறு வாரம் என்றால் வீட்டில் கேட்டுச் சொல்ல முடியும். ஆறாவது சனிக்கிழமை அவரவரிடம் தனியாக, ‘இன்னொரு ஆறு வாரம் முடியுமா?’ என்று கேட்டால் சிலர் தொடர்வார்கள். தொடராதவர்களும் கும்பிட்டு விடைபெறுவார்கள். எல்லை இல்லாவிட்டால் அவர்கள் விடைபெற மாட்டார்கள். ஃபோனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் தொடக்கத்தில் இரண்டாவது சுற்று முடிந்தால், செமஸ்டர் தேர்வுக்கு முன்பே மாணவிகளை விடுவித்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

எந்தச் செய்தி எந்த குரூப்புக்கு என்பதும் பாதி முடிவு. கணக்கு ஆசிரியர் செய்தி பி.எட். படித்தவர்களின் குரூப், டெட் கோச்சிங் குரூப், கல்லூரிக் கணக்குத் துறையின் பழைய மாணவர் குரூப் ஆகியவற்றுக்குப் போகட்டும். தெரு குரூப்பில் போட்டால் வாழ்த்து மட்டும்தான் கிடைக்கும். வாசிப்புத் தன்னார்வலர் செய்திக்கு நேர்மாறாகத் தெரு குரூப்பும் மகளிர் சுய உதவிக் குழுவும் கோயில், சர்ச், ஜமாஅத் குரூப்களும்தான் சரி; நடந்தே வரக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். டிகிரி முடித்து, கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் வெளியே எதற்கும் அழைக்கப்படாமல் இருக்கும் பெண்களை விட நிலையாக வருபவர்களை நான் பார்த்ததில்லை. அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ள குரூப்பை விட, அந்தத் தெருவில் எல்லாரையும் அறிந்த ஒரு அக்கா போதும். செய்தியை அவருக்கு அனுப்பி, அவரைக் கொண்டே ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். கோணவட்டம், மேல்விஷாரம் போன்ற இடங்களில் தமிழ் நன்றாகப் பேசி, எழுத்தில் உருதுவுக்கே பழகிய பெண்களும் உண்டு. தமிழ் வாசிப்புக்குப் பொருந்தாவிட்டாலும், எண்ணும் கணக்கும் சொல்லித்தர அவர்களை அழைக்கலாம். அவர்களுக்கு அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் நன்றாகப் போய்ச் சேரும். எண்ணை மட்டும் எழுத்தில் தனியாகப் போட வேண்டும்.

பழைய மாணவர் குரூப்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள். அவர்களிடம் நேரம் கேட்டு என்ன பயன்? ‘ஒரு கணக்கு வகுப்புக்கு 250 ரூபாய், இந்த மாதம் ஒரு வகுப்பை நீங்கள் ஏற்க முடியுமா?’ என்று கேட்டால் அது அவர்களால் முடிகிற காரியம்.

போஸ்டராகப் போடலாமா என்று கேட்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எண்ணை எழுத்தில் உள்ளது போலச் சட்டென்று தட்டிக் கூப்பிட முடியாது, பிறகு குரூப்பில் தேடினாலும் சொல்லை வைத்து அகப்படாது. எழுத்துச் செய்தியே போதும்.

பதில் வர ஆரம்பித்த பிறகு

பதிலை குரூப்பிலேயே போடச் சொல்ல வேண்டாம். ஒருவர் ‘நான் வருகிறேன்’ என்று எழுதிய மறுநிமிடமே மற்றவர்கள், ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அவர் கடைசியில் வராமலும் போகலாம்.

வரும் கேள்விகளை வைத்தே செய்தியின் குறையைக் கண்டுபிடிக்கலாம். மூன்று பேர் ‘இங்கிலீஷ் மீடியமா?’ என்று கேட்டால் ‘தமிழ் வழி’ என்பது கண்ணில் படும் இடத்தில் இல்லை என்று பொருள். தன்னார்வலர் செய்திக்கு ‘எவ்வளவு தருவீங்க?’ என்றே பதில் வந்தால் அது தப்பான குரூப்புக்குப் போயிருக்கிறது. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், கும்பிடும் கைகளும் நிறைய, தனிச் செய்தி ஒன்றுகூட இல்லை என்றால் நீங்கள் கேட்ட அளவு பெரிது. ஆறு வாரத்தை நாலாக்கி, வேறு குரூப்பில் கேட்டுப் பாருங்கள். அதே குரூப்பில் மறுபடியும் போட்டால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள்.

பதில் போட்டவருக்கு அன்றைக்கே ஃபோன் செய்ய வேண்டும். இரண்டு நாள் போனால் ஆர்வம் ஆறிவிடும். கணக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கச் சான்றிதழை விட ஒரு மாதிரி வகுப்பே போதும், அதற்கும் 250 ரூபாய் கொடுத்துவிட வேண்டும். x² − 5x + 6 = 0 என்ற கணக்கைப் பலகையில் எழுதிக் கொடுங்கள். ஒருவர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி நாலு வரியில் 2, 3 என்று விடையை எழுதி, ‘புரிஞ்சுதா?’ என்பார், பிள்ளைகளும் கோரஸாகப் ‘புரிஞ்சுது சார்’ என்பார்கள். இன்னொருவர், ‘எந்த ரெண்டு எண்ணைப் பெருக்கினா 6 வரும்? எல்லா ஜோடியும் சொல்லுங்க’ என்று ஆரம்பிப்பார். ஒரு பிள்ளை 1, 6 என்று சொல்லும். அவர் அதைத் தப்பு என்று தள்ளாமல் பலகையில் எழுதி, ‘சரி, இதைக் கூட்டினா 5 வருதா?’ என்று கேட்பார். அந்த இரண்டாமவர் பி.எட். முடிக்காதவராக இருந்தாலும் அவரைத்தான் எடுக்க வேண்டும்.

சம்பளம் வாங்குபவரானாலும் சேவைக்கு வருபவரானாலும், முன்பின் தெரியாத ஒருவரைப் பிள்ளைகளுக்கு நடுவே விடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அடையாள அட்டையின் நகல், தெரிந்த இருவரிடம் விசாரணை, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகச் சரிபார்ப்பு இவை மூன்றும் இருவகையினருக்கும் ஒன்றே. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் கதவு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது; பிள்ளைகளின் ஃபோனுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. 2012இன் போக்சோ சட்டம், குழந்தைகளுக்கான 1098 உதவி எண் இரண்டையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘பொறுப்பாளர் எப்போதும் உடன் இருப்பார்’ என்ற வரியைச் செய்தியிலேயே சேர்த்ததற்கு இதுதான் காரணம். இருட்டில் தெரியாத மாடிக்கு வர வேண்டிய பெண்ணுக்கும் அந்த வரி தைரியம் தரும்.

இந்தப் பிரிப்பு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அதே தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் இருந்து, வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று அவரே சொன்னால் சம்பளச் செய்தியே வேண்டாம். நன்கொடை மூன்று மாதத்துக்குத்தான் உறுதி என்றால் ‘ஜூலை முதல் மார்ச் வரை’ என்று எழுதுவது தவறு. ‘ஜூலை முதல் செப்டம்பர் வரை’ என்றே எழுத வேண்டும். அரையாண்டுக்கு நடுவில் சம்பளம் நின்று ஆசிரியர் போவதை விட, தெரிந்தே மூன்று மாதத்துக்கு ஆள் வைப்பது பிள்ளைகளுக்கு நல்லது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு தாண்டிய கிராமங்களில் ஆறு மணிக்கு மேல் பஸ் அரிதானால், வெளியிலிருந்து மாலையில் ஆசிரியரை வரவழைக்கும் யோசனையையே விட்டுவிட்டு, வகுப்பை சனி, ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டு அதன் பிறகு செய்தி எழுதலாம்.

ஆள் கிடைத்ததும் செய்தி போட்ட ஒவ்வொரு குரூப்பிலும், ‘விருதம்பட்டு மையத்துக்குக் கணக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார். விசாரித்த எல்லாருக்கும் நன்றி. ஜூன் 28’ என்று ஒரு வரி போடுங்கள். தேர்வாகாதவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி, அவர்கள் பெயரையும் எந்தக் கிழமை முடியும் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு டிசம்பரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், முதலில் கூப்பிட வேண்டியவர்கள் இவர்கள்தான்.